முகத்தைக் கடைசியாகப் பாருங்கள்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதமும் அந்தப் பத்திரிகை நறுக்கின் நகலும் வந்து பத்து நாளாகிவிட்டது. தாமதத்துக்கு மன்னியுங்கள். பதிலை இதழிலேயே எழுதலாம் என்று நீங்கள் சம்மதித்ததால், இதே மாதிரிப் பழைய நறுக்கோடு உட்கார்ந்திருக்கும் வேறு சிலருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

படத்தில் ஆறு பேர். நடுவில் நிற்பவர் கழுத்தில் மாலை. கீழே படக்குறிப்பில் பாதி கத்தரியோடு போய்விட்டது. "பாராட்டு விழாவில்" என்பதும் "இடமிருந்து" என்பதும்தான் மிச்சம். பத்திரிகையின் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. இரண்டாவதாக நிற்பவர்தான் தாத்தா என்கிறார் உங்கள் பெரியப்பா. இல்லை, நாலாவதாக நிற்பவர் என்கிறார் அத்தை. "முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குத் தெரியாது. உங்கள் தாத்தாவை நான் பார்த்ததில்லை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு நாளிதழின் நூலகப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். அச்சுப் புள்ளிகளாலான முகத்தைப் பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும். அதில் மூக்கையும் நெற்றியையும் நம் மனது வரைந்துகொள்ளும். பெரியப்பாவும் அத்தையும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு தாத்தாவை வரைந்துகொண்டிருக்கிறார்கள். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் நறுக்குக்கு அது நேராக உதவும்.

பெரிய லேத் ஒன்றின் மேல் குனிந்து வேலை செய்கிற இளம்பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படம். பக்கவாட்டு முகம். கூந்தல் இயந்திரத்தில் சிக்காதபடி புள்ளிபோட்ட துணியால் தலையைக் கட்டியிருக்கிறாள். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் படம். அதே போர்க் காலத்தில், 1943 பிப்ரவரியில், வெஸ்டிங்ஹவுஸ் தொழிற்சாலைகளுக்குள் இரண்டு வாரம் ஒரு சுவரொட்டி மாட்டியிருந்தார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முஷ்டியை உயர்த்துகிற பெண். அவள் தலையிலும் புள்ளிபோட்ட சிவப்புத் துணி. வரைந்தவர் ஜே. ஹோவர்ட் மில்லர். இரண்டு வாரத்துக்குப் பிறகு யாரும் அதை நினைவில் வைத்திருக்கவில்லை. 1980-களில் மறுபடி வெளியே வந்து, கோப்பையிலும் பனியனிலும் ஏறி உலகம் சுற்றியது. அப்போதுதான் அந்தச் சுவரொட்டிப் பெண் யார் என்ற கேள்வி பிறந்தது.

அதற்கு முதலில் பதிலாக நின்றவர் மிச்சிகன் மாநிலத்துக்காரர் ஜெரால்டின் ஹாஃப் டாயில். 1942-இல், பதினேழு வயதில், கொஞ்ச நாள் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். செல்லோ வாசிப்பார், கையில் அடிபட்டால் வாசிப்பு போய்விடுமே என்று இரண்டே வாரத்தில் வேலையை விட்டுவிட்டார். 1984-இல் ஒரு பத்திரிகையைப் புரட்டும்போது அந்த லேத் படம் கண்ணில் பட்டது. இது நான்தானே என்று நினைத்தார். பத்து வருஷம் கழித்து ஒரு பத்திரிகை அட்டையில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்து, அதுவும் தன்னைப் பார்த்து வரைந்ததே என்ற முடிவுக்கு வந்தார். ஒரு பத்திரிகை எழுதியதைப் பார்த்து இன்னொரு பத்திரிகை எழுதியது, புத்தகங்களில் ஏறியது. 2010 டிசம்பரில் அவர் காலமானபோது இரங்கல் குறிப்புகளும் அப்படியே எழுதின. டாயில் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. உங்கள் பெரியப்பாவைப் போல அவரும் ஒரு முகத்தைப் பார்த்தார், அடையாளம் கண்டுகொண்டார்.

மறு வருஷம், 2011-இல், கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் போர்க்காலப் பெண் தொழிலாளர்களின் சந்திப்பு நடந்தது. அங்கே அவர்களுக்கென்றே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. தொண்ணூறை நெருங்கிய நவோமி பார்க்கர் ஃப்ரேலியும் அவர் தங்கை ஏடாவும் வந்திருந்தார்கள். காட்சிக்கு வைத்த படங்களுக்கு நடுவே அந்த லேத் படம். நவோமி பார்த்தார்: தான்தான். கீழே குறிப்பைப் படித்தார்: ஜெரால்டின் டாயில். அவர் வீட்டிலோ, 1942-இல் வெட்டிவைத்த நறுக்கு பத்திரமாக இருந்தது. அதில் அச்சிட்டிருந்தது அவருடைய பெயர். பூங்கா நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். படத்திலிருப்பவர் உண்மையில் யார் என்று கண்டுபிடிக்க நீங்கள் உதவ முடியுமா என்று பதில் வந்தது! ஆவண வேலையில் இருந்தவன் என்பதால் எனக்கு இதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தொண்ணூறு வயசு மனுஷி தானே எழுதிச் சொன்னாலும், அச்சில் ஏறிய பெயரை இறக்குவது அவ்வளவு கஷ்டம்.

இறக்கியவர் ஜேம்ஸ் கிம்பிள் என்ற பேராசிரியர். நியூ ஜெர்சியில் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் இருப்பவர். நவோமி எழுதிய கடிதம் அவருக்குத் தெரியாது. அவர் பிடித்துக்கொண்டது ஒரே கேள்வியை: படத்தில் இருப்பது டாயில் என்று முதலில் சொன்னது யார், எதைப் பார்த்துச் சொன்னார்கள்? நூற்றுக்கணக்கான இடங்களில் அந்தப் பெயர் இருந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பின்னோக்கிப் போனால் எல்லாம் 1980-களோடு நின்றன. 1942-க்குப் போகிற கயிறு ஒன்றுகூட இல்லை. இந்த இடம் முக்கியம். ஆயிரம் பேர் சொன்னாலும் எல்லாரும் ஒருவரிடமிருந்தே கேட்டதாக இருந்தால் அது ஒரே சாட்சிதான்.

ஆக, படத்தின் 1942 பிரதி வேண்டும். முதலில், பத்திரிகைப் படம் எப்படிப் பயணம் செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் படம் எடுத்தது பெரும்பாலும் ஏஜென்சிகள். இந்தப் படம் ஆக்மி என்ற ஏஜென்சியுடையது. ஒரு படத்தைப் பல பிரதி போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் தட்டச்சு செய்த துண்டுச்சீட்டை ஒட்டிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார்கள். யார், எங்கே, என்ன, எந்தத் தேதி என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். பத்திரிகை ஆபீசில் உதவி ஆசிரியர் அதைச் சுருக்குவார், தன் பாணியில் மாற்றுவார், இடமில்லை என்றால் பெயரையே எடுத்துவிடுவார். பிறகு படம் உறையில் போய் நூலகத்தில் தூங்கும். நாற்பது வருஷம் கழித்து யாரோ எடுத்து முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்து அச்சிடுவார்கள். சீட்டு பின்பக்கத்திலேயே தங்கிவிடும். டாயில் பார்த்த படம் இப்படிப் பெயரைத் தொலைத்துவிட்டு வந்த படம்.

சமீப காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் பல, இந்த உறைகளை மொத்தமாக விற்றுவிட்டன. வாங்கிய வியாபாரிகள் ஒவ்வொரு படமாக விற்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வயிற்றெரிச்சல்; தேடுகிறவர்களுக்கோ வரம். நல்ல வியாபாரி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் காட்டுவார். அப்படிப் பழைய படம் விற்கும் ஒருவரிடம்தான் கிம்பிள் அந்த லேத் படத்தின் அசல் பிரதி ஒன்றைக் கண்டார். பின்னால் மஞ்சளித்துப்போன சீட்டு ஒட்டியபடியே இருந்தது. இயக்குகிற லேத்தில் மூக்கு மாட்டிக்கொள்ளுமோ என்கிற மாதிரி குனிந்து நிற்கிறாள் அழகி நவோமி பார்க்கர் என்று ஒரு கேலி. இடம், கலிஃபோர்னியாவின் அலமீடா. தேதி, 1942 மார்ச் 24.

எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுவது பெயர். நான் முதலில் பார்ப்பது தேதி. பெயரைத் தப்பாகத் தட்டச்சு செய்திருக்கலாம், வேறு பெண்ணின் பெயர் மாறி விழுந்திருக்கலாம். ஆனால் மார்ச் 24 என்ற தேதியில் டாயில் மிச்சிகனில் பள்ளி மாணவி. அந்த வருஷம்தான் பள்ளியை முடித்து வேலைக்குப் போனார். அலமீடாவோ அங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலே, பசிபிக் கரையில் இருந்த கடற்படை விமானத் தளம். முகம் எவ்வளவு ஒத்துப்போனாலும் அந்த நாளில் அந்த லேத்தின் முன்னால் அவர் நின்றிருக்க முடியாது. தேதியும் இடமும் ஒருவர் யார் என்று சொல்லிவிடாது. யாரெல்லாம் இல்லை என்று சொல்லிவிடும். தேடுகிறவருக்கு முதல் வேலை அதுதான்.

பெயர் அதற்குப் பிறகு. நவோமி பார்க்கர் என்ற பெயரில் எத்தனையோ பெண்கள் இருந்திருப்பார்கள். அதிலும் பெண்ணுக்குக் கல்யாணமானால் அங்கே குடும்பப் பெயர் மாறிவிடும்; இவர் அதற்குள் ஃப்ரேலி. கிம்பிள் தேடிப்பிடித்து 2015-இல் கலிஃபோர்னியாவின் காட்டன்வுட் என்ற சிற்றூரில் அக்கா தங்கை இருவரையும் சந்தித்தார். அங்கே அந்த 1942 நறுக்கு இருந்தது. இருவரும் அலமீடாவில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். வெவ்வேறு இடங்களில் தங்கிப்போன இரண்டு காகிதங்கள், வியாபாரியிடமிருந்த சீட்டும் நவோமி வைத்திருந்த நறுக்கும், ஒரே பெயரைச் சொல்லின. முகம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது இந்தக் கட்டத்தில்தான் நியாயம். 2016-இல் கிம்பிள் கட்டுரை வெளியிட்டார். 2018 ஜனவரியில், தொண்ணூற்றாறு வயதில், தன் பெயருக்குரியவராகவே நவோமி காலமானார்.

கிம்பிள் எங்கே நின்றார் என்பதையும் கவனியுங்கள். அந்த லேத் படம் 1942 ஜூலை 5-ஆம் தேதி 'பிட்ஸ்பர்க் பிரஸ்' பத்திரிகையில் வந்தது. சுவரொட்டி வரைந்த மில்லர் வேலை பார்த்த ஊர் பிட்ஸ்பர்க்தான். அப்படியானால் அவர் அதைப் பார்த்துத்தான் வரைந்தாரா? பார்த்திருக்கலாம். பார்த்தார் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே படத்திலிருப்பவர் நவோமி என்பது உறுதி. சுவரொட்டியில் இருப்பவரும் அவரே என்பது ஊகம். செய்திகளில் பல இந்த இரண்டையும் கலந்தே எழுதின. டாயில் விஷயத்தில் செய்த தவறையே வேறு பெயருக்குச் செய்தார்கள்.

இன்னொன்று: எடுத்தது மார்ச் 24, பிட்ஸ்பர்க்கில் வந்தது ஜூலை 5. நடுவே நூறு நாள். மந்திரி வருகை, ரயில் விபத்து மாதிரிச் செய்திப் படமானால் இரண்டு மூன்று நாளுக்குள் வந்துவிடும். இப்படிச் சுவைக்காகப் போடும் படத்தை ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்கென்று எடுத்து வைப்பார்கள். 1942 ஜூலை 5 ஞாயிறுதான். படம் எடுத்த தேதியை வைத்துக்கொண்டு அடுத்த வாரத்துப் பத்திரிகைகளை மட்டும் தேடுகிறவருக்கு இது கிடைக்காது. கணினியில் சொல் கொடுத்துத் தேடும் வசதி இருந்தால், பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். ஒடுக்கமான பத்தியில் பெயர் இரண்டாக உடைந்து அடுத்த வரிக்குப் போயிருக்கும். மங்கிய எழுத்தை இயந்திரம் தப்பாகப் படித்திருக்கும். படக்குறிப்பில் வந்தே தீரும் என்று தோன்றுகிற சாதாரணச் சொற்களை, ஊர்ப் பெயரோடு சேர்த்துப் போட்டுப் பாருங்கள். அலமீடாவும் லேத்தும் அப்படிப்பட்ட சொற்கள்.

இனி உங்கள் நறுக்கு. நமக்கு அந்த வசதி சொற்பம். பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் பெரும்பகுதி பைண்டு செய்த தொகுதியாகவோ மைக்ரோஃபிலிமாகவோதான் இருக்கிறது. கணினியில் ஏற்றியவற்றிலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'ணை', 'லை', 'றா' வடிவங்களைப் பார்த்ததும் இயந்திரம் திணறும். கன்னிமாராவிலோ ரோஜா முத்தையா நூலகத்திலோ உட்கார்ந்து கையால் புரட்ட வேண்டியிருக்கும். எந்த மாதத்துத் தொகுதி என்று கேட்காமல் எடுத்துத் தரமாட்டார்கள். அதனால் தேதி நமக்கு இன்னும் முக்கியம்.

அந்தத் தேதி உங்களிடமே இருக்கிறது. நறுக்கின் பின்பக்கத்தை நீங்கள் நகலெடுத்து அனுப்பவில்லை. ஆனால் "பின்னால் ஏதோ பராசக்தி சினிமா விளம்பரம், 3-வது வாரம் என்று போட்டிருக்கிறது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே உருப்படியான வரி அதுதான். 'பராசக்தி' வெளியானது 1952 அக்டோபர் 17, தீபாவளிக்கு. முதல் வெளியீட்டில் ஓடிய ஊர் என்றால் மூன்றாவது வாரம் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதலிலோ வரும். ஆனால் படப்பெட்டி சின்ன ஊர்களுக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகும், ஓடி முடிந்த படம் மறுபடியும் வரும். ஆகவே 1952 அக்டோபருக்கு முந்தையது அல்ல என்பது உறுதி. அந்த நவம்பர்தான் என்பது இன்னும் உறுதியில்லை. விளம்பரத்தில் தியேட்டர் பெயரில் நாலு எழுத்தாவது தெரிந்தால் எந்த ஊர்ப் பதிப்பு என்று சொல்லிவிடலாம், அந்த ஊரில் எப்போது திரையிட்டார்கள் என்றும் பார்த்துவிடலாம்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இன்னொரு வரி இருக்கிறது. தாத்தா பினாங்கில் கடை வைத்திருந்தார், 1954-இல்தான் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினார் என்று. படம் 1952 நவம்பர் என்றால், இரண்டாவதாக நிற்பவரும் உங்கள் தாத்தா இல்லை, நாலாவதாக நிற்பவரும் இல்லை. நடுவில் ஒருமுறை ஊருக்கு வந்து போயிருந்தால் கதை வேறு. நறுக்கு பராசக்தி மறுவெளியீட்டின்போது வந்தது என்றாலும் வேறு. இதைத் தீர்க்க முகம் தேவையே இல்லை. தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டில் வந்திறங்கிய நாள் முத்திரை போதும். பெட்டியில் தேடிப் பாருங்கள்.

பைண்டு தொகுதியில் அந்தப் பக்கம் கிடைத்து, முழுப் படக்குறிப்பும் கையில் வந்த பிறகும் ஒரு எச்சரிக்கை. என் கண் முன்னால் நடந்தது. ஒரு விழாப் படத்தில் ஏழு பேர். குறிப்பில் ஏழு பெயர், இடமிருந்து வலம். பக்கம் கட்டுகிறவருக்கு அகலம் போதவில்லை. இடது ஓரத்து ஆளை வெட்டினார், குறிப்பைத் தொடவில்லை. மறுநாள் காலை நிர்வாக அதிகாரி தலைமையாசிரியராகிவிட்டார், தலைமையாசிரியர் மிராசுதாராகிவிட்டார், மிராசுதார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அதனால் முதலில் தலையை எண்ணுங்கள், பிறகு பெயரை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் ஓரத்தில் வெட்டுப்பட்ட தோள் தெரிகிறதா பாருங்கள். ஆண்கள் எல்லாருக்கும் சட்டைப் பொத்தான் எதிர்ப் பக்கம் மூடியிருந்தால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாக அச்சிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது இடமிருந்து என்பது வலமிருந்து. பெயர்களில் அன்றைக்கு 'ஸ்ரீ' என்றும் 'ஜனாப்' என்றும் போடுவார்கள், ஊர்ப் பெயரை முன்னால் சேர்ப்பார்கள், வீட்டில் கூப்பிடுகிற பெயர் இருக்கவே இருக்காது. தாத்தாவின் இனிஷியல் என்ன என்பதை இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நறுக்கு ஆல்பத்தில் ஒட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உரிக்க வேண்டாம், அந்தக் காலத்துப் பத்திரிகைக் காகிதம் கையோடு வந்துவிடும். தண்ணீர், ஆவி எதுவும் காட்ட வேண்டாம். ஒட்டாத மூலை வழியாக எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கி, பின்னால் கைபேசி வெளிச்சத்தை வைத்து முன்பக்கத்திலிருந்து படம் எடுங்கள். பின்பக்க எழுத்து இடவலம் மாறி ஊடுருவித் தெரியும், கணினியில் திருப்பிக்கொள்ளலாம். முன்பக்கத்தையும் ஓரங்களை வெட்டாமல் மறுபடி எடுத்து அனுப்புங்கள். நீங்கள் அனுப்பிய நகலில் மேல் விளிம்பில் ஒரு கோடும் அதற்கு மேலே ஏதோ எழுத்தின் அடிப்பாகமும் தெரிகிறது. அது பக்கத் தலைப்பாக இருந்தால் அதிலேயே கிழமை இருக்கலாம்.

பெரியப்பாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளன்